பொன்னரளி நச்சுமை

பொன்னரளி அல்லது மஞ்சள் அரளி என்பது வீட்டுத் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும், மஞ்சள் நிறப் பூக்களைத் தரும் ஒரு சிறு மரமாகும். இலங்கையில் இது மஞ்சள் அலரி என்றும் அழைக்கப்படுகிறது. இதன் தாவரவியல் பெயர் காஸ்கபெலா தெவேசியா. மெக்சிக்கோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இத்தாவரம், இன்று வெப்ப மண்டல நாடுகள் பலவற்றில் பரவியுள்ளது. இதன் எல்லாப் பகுதிகளிலும் இதயத்தைத் தாக்கும் நச்சு உள்ளது. விதையில் அது மிகுதியாகக் காணப்படுகிறது.

தமிழகத் தோட்டங்களில் இதே நிறத்திலும் ஏறத்தாழ இதே வடிவிலும் பூக்கும் வேறு இரு தாவரங்களும் உள்ளதால், பூவின் ஒளிப்படத்தை மட்டும் பார்த்து நச்சுத் தாவரமா இல்லையா என முடிவு செய்வதில் தவறு நேர்கிறது. ஒளிப்படத்தைக் கொண்டு பொன்னரளியை எவ்வாறு பிரித்தறிவது என்பதையும், மழலைகளோ வளர்ப்பு விலங்குகளோ அதனை மென்றுவிட்டால் செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

## நச்சு செயற்படும் விதம்

பொன்னரளியில் உள்ள நச்சுப் பொருட்கள் இதய கிளைக்கோசைடுகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. தெவெட்டின், பெருவோசைடு, நெரிஃபோலின் ஆகியவை அவற்றுள் சில. இதய நோய்க்கு மருந்தாகத் தரப்படும் டைகாக்சினும் இதே வகையைச் சேர்ந்ததாகும். எனவே பொன்னரளி நச்சுமை, டைகாக்சின் மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்ட நிலையை ஒத்திருக்கிறது.

உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சவ்விலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் ஒரு நொதி உள்ளது. இதனை ஒரு சிறு எக்கியாகக் கருதலாம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகள் வெளியேற, இரண்டு பொட்டாசியம் அயனிகள் உட்செல்கின்றன. இந்த எக்கியைப் பொன்னரளியின் நச்சு அடைத்துவிடுகிறது. அதனால் இதயத்தசையின் உயிரணுக்களுக்குள் சோடியமும், அதனைத் தொடர்ந்து கால்சியமும் மிகுகின்றன. உட்செல்ல வேண்டிய பொட்டாசியமோ குருதியில் தங்கி அதன் அளவு உயர்கிறது. இதயத்துடிப்பை நடத்தும் மின் சைகைகள் மெதுவாகக் கடத்தப்படுகின்றன, அல்லது இடையில் தடைப்படுகின்றன. நாடித்துடிப்பு குறைவதும், சீர் தவறுவதும், கடுமையான நிலையில் இதயம் நின்றுவிடுவதும் இதனாலேயே நிகழ்கின்றன.

நாய், பூனை, ஆடு, மாடு ஆகியவற்றின் உயிரணுக்களிலும் இதே எக்கி செயற்படுவதால், இந்நச்சு மனிதருக்கும் இவ்விலங்குகளுக்கும் ஒருங்கே கேடு விளைவிக்கிறது. இலை காய்ந்துவிட்டாலும் நச்சு நீங்குவதில்லை. வெட்டிப் போட்ட அரளிக் கிளைகளைத் தீவனத்தோடு கலக்க விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணமாகும்.

## ஒத்த தோற்றமுடைய பூக்கள்

பொன்னரளியோடு குழப்பிக்கொள்ளப்படும் இரு தாவரங்கள் சொர்ணப்பட்டியும் அலமண்டாவும் ஆகும். மூன்றும் மஞ்சள் நிறப் புனல் வடிவப் பூக்களைக் கொண்டவை. ஆயினும் இவற்றின் இலைகளும் காய்களும் பெரிதும் வேறுபடுகின்றன.

பொன்னரளி: இலைகள் மிகக் குறுகியவை. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளமும் கொண்டு, பளபளப்பாக இருக்கும். நடு நரம்பு ஒன்றே தெளிவாகத் தெரியும். இலைகள் எதிரெதிராக அன்றி, தண்டைச் சுற்றி ஒவ்வொன்றாக நெருக்கமாக அமைந்திருக்கும். பூவின் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டிருப்பதால், பூ முழுமையாக விரியாமல் பாதி மூடிய புனல் போலவே காணப்படும். காய் பச்சை நிறமாக, சற்றே முனைகள் கொண்ட உருண்டை வடிவில் இருக்கும். முதிர்ந்தபின் கருமையாகும். அதனுள் முக்கோண வடிவக் கடினமான கொட்டை ஒன்று இருக்கும். தண்டை ஒடித்தால் பால் வடியும்.

சொர்ணப்பட்டி: இதன் தாவரவியல் பெயர் டெகோமா ஸ்டான்சு. இது அரளிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இறகு போல அமைந்த கூட்டிலை இதன் முதன்மை அடையாளமாகும். சிற்றிலைகளின் விளிம்பு அரம் போன்று பல் வெட்டுடன் இருக்கும். பூக்கள் கிளை நுனியில் கொத்தாகத் தொங்கும். காய் நீண்டு மெலிந்த அவரைக்காய் போலிருக்கும். ஒடித்தால் பால் வடியாது. இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் இதில் இல்லை.

அலமண்டா: இது கொடி போலப் படரும் புதர். இலைகள் அகலமானவை, ஒரு கணுவில் மூன்று அல்லது நான்காக வட்டமாக அமைந்திருக்கும். பூவின் இதழ்கள் தட்டுப் போல நன்கு விரிந்திருக்கும். காய் முள் நிறைந்தது. அரளிக் குடும்பத்தைச் சேர்ந்ததால் இதிலும் பால் உண்டு. இதனை உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். ஆனால் பொன்னரளியைப் போல இதயத்தைத் தாக்குவதில்லை.

பால் வடிவதை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது என்பது இவ்வொப்பீட்டிலிருந்து விளங்கும். பால் இல்லாவிடின் அது பொன்னரளி அன்று என்று ஓரளவு கூறலாம். பால் இருந்தால், பொன்னரளியா அலமண்டாவா என்பதை இலையே காட்டும். பாலைச் சோதிக்கும்போது அது கையிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவ்வரளி, வெள்ளரளி எனப்படும் நெரியம் ஒலியாண்டர் வேறொரு தாவரமாகும். இதன் இலைகள் மும்மூன்றாக அமைந்திருக்கும். பூவின் தொண்டைப் பகுதியில் கிழிந்த விளிம்பு போன்ற சிறு இழைகள் காணப்படும். காய் நீண்ட நெற்று வடிவினது. இதிலும் பொன்னரளியில் உள்ளதைப் போன்ற இதய கிளைக்கோசைடுகள் உள்ளன. பூச்சரங்களிலும் மாலைகளிலும் இப்பூ பயன்படுவதால், செடி இல்லாத வீட்டிலும் குழந்தைகளின் கைக்கு இது எட்டுகிறது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவசம் வாரியங்கள், தம் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்ப்பதை நிறுத்தின.

## ஒளிப்படம் எடுக்கும் முறை

பூவை மட்டும் அருகில் வைத்து எடுத்த படமே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. மேலே கூறப்பட்ட மூன்று தாவரங்களிலும் மிகவும் ஒத்திருக்கும் பகுதி பூவே என்பதால், அடையாளம் காண்பதற்கு அப்படம் மிகக் குறைந்த உதவியே செய்யும். பயனுள்ள படங்கள் பின்வருமாறு:

1. இலைகள் தண்டில் இணைந்திருக்கும் இடம். ஒரு கணுவில் எத்தனை இலைகள் உள்ளன என்பது தெரிய வேண்டும்.
2. ஒரு முழு இலை. அளவு தெரிவதற்காக அருகில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைக்கலாம்.
3. பூவின் முன்பக்கமும் பக்கவாட்டுத் தோற்றமும்.
4. காய். மரத்தில் இல்லாவிடின் அடியில் விழுந்து கிடப்பவை.
5. முழுச் செடியின் தோற்றம். மரமா, புதரா, கொடியா என்பது இதில் தெரியும்.

ஒளிப்படத்தைக் கொண்டு தாவரப் பெயரைக் கூறும் கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் ஒரே விடையைத் தருவதில்லை. வாய்ப்புள்ள பெயர்களின் பட்டியலையே தருகின்றன. அப்பட்டியலின் முதற்பெயரை முடிவாகக் கொள்ளாமல், பட்டியலில் உள்ள ஒவ்வொரு தாவரத்தின் இலையையும் காயையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் ஒன்றேனும் நச்சுத் தாவரமாக இருந்து, அதனை விலக்குவதற்குத் தெளிவான அடையாளம் கிடைக்காவிடின், நச்சுத் தாவரம் என்று கொண்டே செயற்பட வேண்டும்.

## பெயரால் ஏற்படும் குழப்பங்கள்

அடையாளம் கண்டபின் நச்சுத் தாவரப் பட்டியல்களில் தேடுவது அடுத்த படியாகும். இங்கு வட்டாரப் பெயர்கள் ஏமாற்றக்கூடும். அரளி, அலரி ஆகிய சொற்கள் பல தாவரங்களின் பெயர்களில் இடம்பெறுகின்றன. எடுத்துக்காட்டாக, ஈழத்தலரி எனப்படுவது புளுமேரியா என்னும் வேறொரு தாவரமாகும். ஆதலால் தாவரவியல் பெயரைக் கொண்டு தேடுவதே நன்று.

தாவரவியல் பெயர்களும் காலப்போக்கில் மாற்றப்படுகின்றன. பழைய பட்டியல்கள் பொன்னரளியைத் தெவேசியா பெருவியானா என்ற பெயரில் குறிப்பிடுகின்றன. இணையத்தில் தேடும்போது Cascabela thevetia, Thevetia peruviana ஆகிய இரு பெயர்களையும் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். ஒரு பெயரில் தேடி ஒன்றும் கிடைக்காததைக் கொண்டு, தாவரம் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

பட்டியலில் "நச்சுத் தாவரம்" என்று காணப்பட்டால், யாருக்கு நச்சு, எந்தப் பகுதி, எந்த உறுப்பைத் தாக்குகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த டைஃபன்பேக்கியாவும் நச்சுத் தாவரமே. ஆனால் அதன் இலையை மெல்லும்போது ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் வாயிலும் நாக்கிலும் குத்தி, உடனடியாக எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. பொன்னரளியிலோ வாயில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் சில மணி நேரத்துக்குப் பின்னரே இதயம் தாக்கப்படலாம்.

அவ்வாறே "மனிதருக்குத் தீங்கற்றது" என்பது விலங்குகளுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. லிலியம், ஹெமரோகாலிசு ஆகிய பேரினங்களைச் சேர்ந்த லில்லிச் செடிகள் இதற்குச் சான்றாகும். இவற்றின் இதழையோ இலையையோ சிறிதளவு மென்றாலும், மேலே படிந்த மகரந்தத்தை நக்கினாலும் பூனையின் சிறுநீரகங்கள் ஓரிரு நாட்களில் செயலிழக்கக்கூடும். நாய்க்கு அதே செடியால் வயிற்றுக் கோளாறு மட்டுமே ஏற்படுகிறது.

## நச்சுமையின் அறிகுறிகள்

பொன்னரளியை உட்கொண்ட சில மணி நேரத்தில் வாந்தி, குமட்டல், வயிற்று வலி ஆகியவை தோன்றலாம். வாயில் எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ இருக்கலாம். தலைச்சுற்றல், சோர்வு, நாடித்துடிப்பு குறைதல், மயக்கம் ஆகியவை இதயம் பாதிக்கப்பட்டதைக் காட்டும் அறிகுறிகளாகும். மழலைகள் தம் உணர்வைச் சொல்ல இயலாமையால், தொடர் வாந்தியும் வழக்கத்துக்கு மாறான தூக்கமும் மட்டுமே வெளியே தெரியக்கூடும். நாய், பூனைகளில் எச்சில் வடிதல், வாந்தி, தள்ளாட்டம், படுத்தே கிடத்தல் ஆகியவை காணப்படும்.

தொடக்கத்தில் நலமாகத் தோன்றிய ஒருவருக்குப் பல மணி நேரம் கழித்து இதயத்துடிப்பு சீர்கெடுவது உண்டு. ஆகவே அறிகுறி எதுவும் இல்லாமை, நச்சு உட்செல்லவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. உட்கொண்ட விதைகளின் எண்ணிக்கையை வைத்தும் கடுமையைக் கணிக்க இயலாது. கொட்டையின் கடினமான ஓடு உடையாமல் விழுங்கப்பட்டால் நச்சு குறைவாகவும், உள்ளிருக்கும் பருப்பு நன்கு மெல்லப்பட்டால் மிகுதியாகவும் வெளிப்படும். விதையிலுள்ள நச்சின் அளவும் மரத்துக்கு மரம் மாறுபடும்.

## மென்றுவிட்டால் செய்ய வேண்டியவை

குழந்தை மயங்கினாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ தாவரத்தை அடையாளம் காண்பதில் நேரத்தைச் செலவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தமிழகத்தில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் அவசர ஊர்தியை அழைக்கலாம். ஏனைய நிலையில் பின்வரும் வரிசை பின்பற்றப்படுகிறது.

1. வாயில் எஞ்சியிருக்கும் இதழ், இலை, விதைத் துண்டுகளை விரலால் மெல்ல எடுத்துவிட வேண்டும். தொண்டைக்குள் விரலை விடக்கூடாது.
2. ஈரத்துணியால் வாயையும் உதடுகளையும் துடைக்க வேண்டும். கொப்பளித்துத் துப்பத் தெரிந்த குழந்தையாயின் வாயைக் கொப்பளிக்கச் செய்யலாம். கைகளையும் கழுவ வேண்டும்.
3. மென்ற நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நேரில் காணவில்லையெனில், குழந்தை கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தைக் குறிக்க வேண்டும்.
4. மென்ற பகுதியின் மிச்சத்தையும், இலையும் பூவும் உள்ள ஒரு சிறு கிளையையும் பையிலிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாவிடின் ஒளிப்படங்கள் போதும்.
5. நச்சுத் தகவல் மையத்தையோ மருத்துவமனையையோ தொடர்புகொண்டு, குழந்தையின் அகவை, எடை, மென்ற பகுதி, நேரம் ஆகியவற்றைக் கூற வேண்டும். புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117 ஆகும். இலங்கையில் கொழும்பு தேசிய மருத்துவமனையில் இத்தகைய மையம் உள்ளது.

பொன்னரளியின் விதையோ காயோ மெல்லப்பட்டது உறுதியானாலும், ஐயத்துக்கிடமானாலும், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

### செய்யக்கூடாதவை

உப்பு நீர், சோப்பு நீர், புளிக்கரைசல், சாணக்கரைசல் ஆகியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இது தீங்கானது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரலைப் பாதிக்கலாம். மிகுதியான உப்பு சிறு குழந்தைகளிலும் நாய்களிலும் குருதியின் சோடிய அளவை ஆபத்தான நிலைக்கு உயர்த்தக்கூடும். அடுப்புக்கரி மருத்துவப் பயன்பாட்டுக்கான செயலூட்டிய கரி அன்று. அதனை அரைத்துக் கொடுப்பதால் பயனில்லை. மயக்க நிலையில் உள்ள குழந்தைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டு செல்ல வேண்டும்.

வளர்ப்பு விலங்குகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். நாயை வாந்தி எடுக்கச் செய்ய வேண்டுமா என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அச்சத்தில் இருக்கும் விலங்கு கடிக்கக்கூடும் என்பதால், வாயிலிருந்து துண்டுகளை எடுக்கும்போது கவனம் தேவை.

## மருத்துவமனையில் அளிக்கப்படும் சிகிச்சை

இதய மின்வரைபு எடுக்கப்பட்டுத் துடிப்பு தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. குருதியில் பொட்டாசியத்தின் அளவு சோதிக்கப்படுகிறது. நச்சு குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கச் செயலூட்டிய கரி கொடுக்கப்படலாம். துடிப்பு மிகக் குறைந்தால் அட்ரோப்பின் மருந்தும், தேவைப்படின் தற்காலிக இதய முடுக்கியும் பயன்படுகின்றன. தாமதமாகத் தோன்றும் துடிப்புக் கோளாறு காரணமாக, நலமாகத் தோன்றுபவரும் ஏறத்தாழ ஒரு நாள் கண்காணிப்பில் வைக்கப்படுவது வழக்கம்.

இச்சிகிச்சை பற்றிய அறிவின் பெரும்பகுதி இலங்கையிலிருந்து கிடைத்ததாகும். அங்கு 1980களில் யாழ்ப்பாணப் பகுதியில் தொடங்கி அலரி விதை நச்சுமை பெருகியதால், மருத்துவமனைகள் ஏராளமான நோயாளிகளைக் கண்டன. டைகாக்சினுக்கு எதிராக உருவாக்கப்பட்ட பிறபொருளெதிரித் துண்டுகள் பொன்னரளியின் நச்சையும் பற்றிக்கொண்டு துடிப்பைச் சீராக்குகின்றன என்பதை, இலங்கையில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. இம்மருந்தின் விலை மிக அதிகமாக இருப்பதால், எல்லா மருத்துவமனைகளிலும் இது கிடைப்பதில்லை.

## எடுத்துக்காட்டு

இரண்டு அகவைக் குழந்தை ஒன்று, பக்கத்து வீட்டு மதிலோரம் விழுந்துகிடந்த மஞ்சள் பூவை வாயில் வைத்திருந்ததாகக் கொள்வோம். நேரம் மாலை 5 மணி. குழந்தை நலமாக உள்ளது. தாய் வாயிலிருந்த இதழ்த் துண்டுகளை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, கைகளைக் கழுவுகிறார். தந்தை உள்ளங்கையில் பூவை வைத்து எடுத்த படத்தில், மஞ்சள் புனல் வடிவம் மட்டுமே தெரிகிறது. இப்படத்தைக் கொண்டு மூன்று தாவரங்களில் எதனையும் விலக்க முடியாது.

அடுத்து மரக்கிளையைப் படமெடுக்கிறார். இலைகள் குறுகியவை, தனி இலைகள், பல் வெட்டு இல்லை. எனவே கூட்டிலை கொண்ட சொர்ணப்பட்டி விலக்கப்படுகிறது. இலைகள் ஒரு கணுவில் மூன்று நான்காக இல்லாமல் ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றி அமைந்துள்ளன. அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவே. எனவே அலமண்டாவும் விலக்கப்படுகிறது. மரத்தடியில் கருத்த காய்களும் முக்கோணக் கொட்டைகளும் கிடக்கின்றன. இது பொன்னரளி என்பது இப்போது உறுதியாகிறது.

இனி எழும் வினா, குழந்தை இதழை மட்டும் மென்றதா, கொட்டையையும் கடித்ததா என்பதாகும். இதழில் நச்சு குறைவு. ஆனால் மரத்தடியில் கொட்டைகள் கிடக்கின்றன. அதற்கு முன்பு கால் மணி நேரம் குழந்தையை எவரும் கவனிக்கவில்லை. கொட்டை மெல்லப்படவில்லை என்று கூற இயலாத நிலையில், மெல்லப்பட்டதாகவே கொள்ள வேண்டும். பெற்றோர் சிறு கிளையையும் கொட்டை ஒன்றையும் பையிலிட்டு, "4.45 முதல் 5 மணிக்குள்" என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்கின்றனர். மருத்துவருக்குத் தேவையான தாவரம், பகுதி, நேரம் ஆகிய மூன்றும் அவர்களிடம் உள்ளன.

அதே இடத்தில் சிற்றிலைகளும் பல் வெட்டும் கொண்ட கூட்டிலைகள் காணப்பட்டு, மரத்தடியில் நீண்ட நெற்றுகள் மட்டும் கிடந்திருந்தால், அது சொர்ணப்பட்டி ஆகும். அப்போது வாயைத் துடைத்து, நச்சுத் தகவல் மையத்தைக் கேட்டு, வீட்டிலேயே குழந்தையைக் கவனித்துவரலாம். மதிலோரத்தில் வேறு செடி எதுவும் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

## தடுப்பு

பொன்னரளி மரம் உள்ள வீட்டில், காய்களும் கொட்டைகளும் விழும் இடமே மழலைகளுக்கு மிகுந்த ஆபத்தானது. கொட்டைகள் வழுவழுப்பாகவும் விளையாட்டுப் பொருள் போலவும் இருப்பதால், குழந்தைகள் அவற்றைப் பொறுக்கி வைத்துக்கொள்வது உண்டு. விழுந்தவற்றை நாள்தோறும் கூட்டி அகற்றுவதும், காய்கள் முதிருமுன் பறித்துவிடுவதும் ஆபத்தைக் குறைக்கும். மரத்தை வெட்டும்போது கையுறை அணிய வேண்டும். வெட்டிய கிளைகளை ஆடு மாடுகள் மேயும் இடத்தில் போடவோ, விறகாக எரிக்கவோ கூடாது. அரளி எரியும் புகையும் தீங்கு தரக்கூடியதாகும்.